தங்கம் இறங்கட்டும் என்று காத்திருக்கும் அப்பாவுக்கு

"தங்கம் இப்போது உச்சத்தில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் கல்யாணம் தை மாதம்தானே? பணமும் வங்கியில் வட்டியோடு பத்திரமாக இருக்கிறது. நீ மட்டும் ஏன் இப்போதே வாங்கச் சொல்கிறாய்? போனில் சொன்னால் எனக்குப் பிடிபடவில்லை, விவரமாக எழுது."

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கம் இனி ஏறத்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து தினமும் விலையைப் பார்க்கிறவள் என்பதால் நாளைய விலை எனக்குத் தெரிந்துவிடாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. இறங்கவும் கூடும். இறங்கினாலும் அந்த இறக்கம் நமக்குப் பயன்படுமா, இறங்காவிட்டால் நம் கதி என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தங்கத்தை முதலீடாக வாங்குகிறவருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் இறக்கத்துக்குக் காத்திருக்கலாம். இறங்காவிட்டால் வாங்காமலே இருந்துவிடலாம், அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. எத்தனை சவரன் என்பது முடிவாகிவிட்டது, எந்தத் தேதிக்குள் என்பதும் முடிவாகிவிட்டது. கையில் இருக்கும் பணமும் இவ்வளவுதான் என்று தெரியும். எடை, தேதி, பணம் மூன்றும் நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் வாங்காமல் இருப்பது 'எதுவும் செய்யாமல் சும்மா இருப்பது' ஆகாது. விலை ஏறாது என்று வங்கியில் வைத்திருக்கும் 21 லட்ச ரூபாயைப் பந்தயம் கட்டுவதற்குச் சமம்.

நம் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 25 சவரன் என்று நீங்களும் அம்மாவும் பேசி வைத்திருக்கிறீர்கள். அதில் அம்மாவின் பழைய நகை 7 சவரனை மாற்றிக்கொள்ளப் போகிறோம். மீதி 18 சவரனுக்குத்தான் பணம் வேண்டும். பலகையில் எழுதும் விலையைக் கணக்குச் சுலபத்துக்காகச் சவரனுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து சராசரியாக 12 சதவீதம் என்று வைத்தால் 1,12,000. அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக ஒரு சவரன் நகை கைக்கு வரும்போது 1,15,360 ரூபாய். 18 சவரனுக்கு 20,76,480. உங்கள் வைப்பு நிதி 21 லட்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சுவிட இடமில்லாத சரி.

நீங்கள் எதிர்பார்க்கிறபடி விலை 5 சதவீதம் இறங்கினால் மொத்தத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் மிச்சமாகும். நல்ல தொகைதான். மண்டபத்துக்கு அலங்காரம் கொஞ்சம் கூடும், அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை கூடும். அதே விலை 10 சதவீதம் ஏறினால்? சேதாரமும் வரியும் விலையின் மேல் சதவீதமாகவே போடப்படுவதால், பலகையில் 10,000 ஏறினால் ரசீதில் 11,536 ஏறும். 18 சவரனுக்கு 2,07,648 ரூபாய் கூடுதல். அதில் உங்கள் கையிருப்பின் மிச்சம் இருபத்து மூவாயிரத்தைக் கழித்தாலும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் துண்டு விழும். அந்தத் துண்டு விழும் நேரத்தையும் பாருங்கள்: மார்கழிக் கடைசி, தைத் தொடக்கம். மண்டபத்தின் மீதித் தொகை, சமையல்காரருக்கு முன்பணம், ஜவுளி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் நேரம். இறங்கினால் கிடைப்பது ஒரு வசதி, ஏறினால் வருவது ஒரு கடன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடன் வாங்கமாட்டேன், எடையைக் குறைத்துக்கொள்வேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, இன்றைக்கே குறைத்தாலும் சந்தோஷம். ஆனால் உங்களை எனக்குத் தெரியும் அப்பா. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் எடையைக் குறைக்கமாட்டீர்கள். என் மேசைக்கு முன்னால் ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் வந்து உட்காரும் தகப்பனார்களைப் பார்க்கிறேன். மனைவியின் வளையலையும் தோட்டையும் அடகு வைத்து, அந்தப் பணத்தில் மகளுக்கு நகை வாங்கப் போகிறவர்கள். அவர்களில் பலர் பணம் இல்லாமல் வந்தவர்கள் அல்லர். ஆறு மாதம் முன்பு பணம் போதுமாக இருந்தவர்கள்தான்.

இனி, 'இறங்கும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இறக்கம் வருவதேயில்லை என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், காத்திருந்து மலிவாக வாங்கிய சித்தப்பா கதையை எடுப்பீர்கள். அது உண்மைதான். 2020 ஆகஸ்டில் சென்னையில் சவரன் 43,000-ஐத் தாண்டியது, 2021 மார்ச் இறுதியில் 34,000-க்கும் கீழே வந்தது. காத்திருந்தவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் அந்த இறக்கம் முழுதாக வர ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று. 2020 ஆகஸ்டில் காத்திருக்கத் தொடங்கி, அந்தக் கார்த்திகையிலோ தையிலோ கல்யாணம் வைத்திருந்தவருக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைத்திருக்கும். சித்தப்பாவுக்கு வைகாசியில் முகூர்த்தம் அமைந்தது, அவ்வளவுதான். கணித்தவர் அவர் இல்லை, பஞ்சாங்கம்தான் அவருக்காகக் கணித்தது.

அதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்கிறேன். இது நம் எல்லோர் கண்முன்னும் நடந்தது. 2024 ஜூலை 23-ஆம் தேதி பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கே சவரனுக்குச் சுமார் 2,000 ரூபாய் இறங்கி 52,400 அளவுக்கு வந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கி 51,000-க்கும் சற்றுக் கீழே போனது. இதைவிடத் தெளிவான இறக்கம் எவருக்கும் கிடைக்காது. அரசாங்கமே அறிவித்து, தேதி சொல்லி, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் போட்ட இறக்கம். அப்போது வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ஏன்? இறங்குகிற பொருளை உடனே வாங்கப் பலருக்கு மனம் வருவதில்லை. 55,000-த்திலிருந்து 51,000-க்கு வந்துவிட்டது, இன்னும் நாலு நாள் பார்த்தால் 48,000-க்கு வரும் என்று தோன்றும். இறங்காதபோது 'இறங்கட்டும்' என்று காத்திருக்கும் அதே மனம், இறங்கும்போது 'இன்னும் இறங்கட்டும்' என்று காத்திருக்கும்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில், தீபாவளி நேரத்தில், சவரன் 59,000-த்தைத் தாண்டி அறுபதாயிரத்தை எட்டிப் பார்த்தது. நவம்பர் நடுவில் 55,500 அளவுக்குச் சரிந்தது. 'தங்கம் விலை அதிரடிக் குறைவு' என்று அன்றைக்குச் செய்தி. இரண்டு வாரத்தில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது உண்மையான இறக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் 51,000-க்கு வாங்காமல் விட்டவருக்கு அந்த இறக்கத்தால் என்ன பயன்? அவர் காத்திருந்த இறக்கம் வந்தது, அவர் காத்திருக்கத் தொடங்கிய விலைக்கு மேலே வந்தது. 2025 ஜனவரி 22-ஆம் தேதி, தை மாத முகூர்த்தங்களுக்கு நடுவில், சவரன் முதன்முறையாக 60,000-த்தைக் கடந்தது. அந்தத் தையில் 18 சவரன் வாங்கவேண்டியிருந்தவர் ஆகஸ்டு விலையோடு ஒப்பிட்டால் வெறும் பலகை விலையிலேயே 1,60,000-க்கு மேல் அதிகம் கொடுத்திருப்பார். அவர் எதிர்பார்த்தது தவறு என்று சொல்ல முடியாது, இறக்கம் என்று ஒன்று வந்தேவிட்டது. எங்கிருந்து இறங்கும் என்பதைத்தான் அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

இன்னொரு சங்கதி இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். தொலைக்காட்சியில் 'தங்கம் சரியும்' என்று பேசுகிற நிபுணர் பெரும்பாலும் சர்வதேசச் சந்தையில் டாலரில் நடக்கும் விலையைப் பற்றிப் பேசுகிறார். நம் ஊர்க் கடைப் பலகைக்கு அது வருவதற்குள் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது, மற்றது இறக்குமதி வரி. இரண்டும் எந்தப் பக்கமும் திரும்பலாம்.

2013-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரல் நடுவில் இரண்டே வேலை நாட்களில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு 1,560 டாலர் அளவிலிருந்து 1,350 அளவுக்கு விழுந்தது. ஜூன் கடைசியில் 1,200-ஐயும் தொட்டது. 'தங்கத்தின் காலம் முடிந்தது' என்று பேசினார்கள். நம் நாட்டில் என்ன ஆயிற்று? மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்டு 28-ஆம் தேதி 68 ரூபாயைத் தாண்டியது. தங்க இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு அந்த ஒரே ஆண்டில் வரியை ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதம் என்று மூன்று முறை உயர்த்தியது. ஆகஸ்டு இறுதியில் உலக விலை ஏப்ரல் வீழ்ச்சிக்கு முந்தைய நிலையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அதே நாளில் இந்தியாவில் தங்கம் அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. உலகத்தில் தங்கம் விழும் என்று கணித்தவர் சரியாகத்தான் கணித்தார், ஆனால் அதை நம்பி ஆவணி முகூர்த்தத்துக்குக் காத்திருந்த இந்தியத் தகப்பனார் ஏமாந்தார்.

2022 ஜூலை முதல் தேதியும் அப்படித்தான். முதல் நாள் வரை 10.75 சதவீதமாக இருந்த வரி மறுநாள் 15 ஆயிற்று. முன்னறிவிப்பு கிடையாது. 2024-இல் குறைத்தவர்கள் நாளைக்கு உயர்த்தவும் கூடும். ரூபாய் தளர்ந்து அந்நியச் செலாவணிக்கு நெருக்கடி வந்தால் அரசின் கை முதலில் போவது தங்கத்தின் மேல்தான். அதனால், 'தங்கம் இறங்கும்' என்று யாராவது சொன்னால், டாலரிலா ரூபாயிலா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதில் சொல்லமாட்டார்கள்.

ஆடியில் விலை குறையும் என்பதையும் நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். ஆடியில் நம் பக்கம் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் குறைவு, அதனால் கடைக்காரர்கள் தள்ளுபடி போடுகிறார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். பலகை விலையை ஆடி அசைக்காது, ஏனென்றால் அதைத் தீர்மானிக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஆடி தெரியாது.

ஆனால் அந்த ஆடித் தள்ளுபடியில்தான் நான் சொல்லவரும் முக்கியமான விஷயம் இருக்கிறது. நீங்கள் காத்திருந்து பெற நினைக்கும் மிச்சத்தைக் காத்திருக்காமலே பெற முடியும், சேதாரத்தில். நம் 18 சவரனுக்குச் சராசரிச் சேதாரம் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தால் 55,620 ரூபாய் மிச்சம். பலகை விலை சவரனுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் இறங்கியதற்கு அது சமம். இதற்கு ரூபாயும் டாலரும் நம் பக்கம் நிற்க வேண்டியதில்லை. வேலைப்பாடு அதிகமுள்ள கோயில் நகை, நகாசு ஆரம், கல் வைத்த அட்டிகை இவற்றுக்கெல்லாம் சேதாரம் 18, 20 என்று போகும். இயந்திரத்தில் செய்த சங்கிலி, வழவழப்பான வளையல் இவற்றுக்கு அதில் பாதிகூட இருக்காது. எனக்கு ஒரே ஒரு ஆரம் வேலைப்பாட்டோடு போதும். மற்றதெல்லாம் எளிமையாக இருக்கட்டும். பிற்காலத்தில் மாற்றினால் சேதாரம் திரும்பி வராது, தங்கத்தின் எடைக்குத்தான் பணம் தருவார்கள் என்பதை என் மேசையில் தினமும் பார்க்கிறேன்.

சேதாரத்தைப் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கடைகளில் சதவீதத்தைக் குறைத்துவிட்டு, செய்கூலி என்று கிராமுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேர்ப்பார்கள். கல் நகையாக இருந்தால் கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நகையிலும் பிஐஎஸ் முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

வங்கி வட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 21 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆறரை சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் 68,000 ரூபாய் சொச்சம் வரும். காத்திருப்பதற்குக் கூலி கிடைக்கிறது என்று தோன்றும். ஆனால் தங்கம் மூன்றேகால் சதவீதம் ஏறினாலே அந்த வட்டி முழுவதும் போய்விடும். தங்கத்துக்கு அது ஒரு வார வேலை. வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி குறையும் என்பது உண்மைதான். அதனால் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒரே ரசீதாகப் போடாமல் மூன்றாகப் போட்டது நல்லதாயிற்று.

நாணயமாக வாங்கி வைத்து, பிறகு நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னாராம். விலை ஏற்றத்திலிருந்து தப்பிக்க அது ஒரு வழிதான், ஆனால் செலவில்லாத வழி அல்ல. நாணயம் வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி. அதைக் கொடுத்து நகை வாங்கும்போது நகையின் முழு மதிப்புக்கும் மீண்டும் 3 சதவீதம். நாணயத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் விலையிலும் கொஞ்சம் குறையும். அதிலும் வங்கியில் நாணயம் வாங்கினால், விற்ற வங்கியே அதைத் திரும்ப வாங்கமுடியாது, ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை. எந்த மாதிரி நகை என்று முடிவே ஆகாதவர்களுக்கு நாணயம் சரி. நமக்கு வளையலும் சங்கிலியும் என்று தெரிந்த பிறகு எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

நீங்கள் மாதம் பத்தாயிரம் கட்டிவரும் நகைச் சீட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் கட்டிய தொகைக்கு எதிரே அன்றைய விலையும் கிராமும் எழுதியிருக்கிறதா, அல்லது வெறும் ரூபாய் மட்டும்தானா? கிராம் எழுதியிருந்தால் மாதாமாதம் அந்தந்த விலைக்குத் தங்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது, கவலையில்லை. ரூபாய் மட்டும் இருந்தால் அது உண்டியலில் போட்ட பணம் மாதிரிதான். முடிவில் அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்குத்தான் நகை. விலை ஏற்றத்துக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. பெரும்பாலான சீட்டுகள் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை நிறுவனங்கள் 365 நாளுக்குள் ஈடுசெய்யாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்பட்டு வேறு சட்டத்துக்குள் போய்விடும். அதேபோல், கடை மூடிவிட்டால் சீட்டுப் பணத்துக்கு வங்கி வைப்புக்கு உள்ளதைப் போன்ற காப்பீடு கிடையாது. எனவே அந்தச் சீட்டு முடிந்ததும் எடுத்துவிடுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம்.

முன்பணம் கட்டி விலையை நிறுத்திவைக்கும் திட்டமும் பல கடைகளில் இருக்கிறது. ஏறினால் பழைய விலை, இறங்கினால் புதிய விலை என்று எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மொத்தத் தொகையில் எத்தனை சதவீதம் கட்டினால் எத்தனை நாளைக்கு அந்த விலை நிற்கும் என்று கேளுங்கள். சேதாரச் சதவீதமும் நிற்கிறதா, விலை மட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலையை நிறுத்திவிட்டு, தள்ளுபடியில்லாத சேதாரத்தை நம் தலையில் கட்டினால் இந்தக் கையில் கொடுத்ததை அந்தக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம் தள்ளிப்போனால் பணமாகத் திரும்புமா, நகையாக மட்டும்தானா என்பதும் முக்கியம்.

முன்கூட்டி வாங்குவதிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. வாங்கிய மறுவாரம் இறங்கினால் உங்களுக்கு மனம் ஆறாது. கல்யாணமே வேறு வேறு காரணத்தால் தள்ளிப்போய் நகையை விற்க நேர்ந்தால், 1,15,360 கொடுத்ததற்கு ஒரு லட்சமும் முழுதாக வராது. ஆனால் எப்படியும் வாங்கியே தீரவேண்டிய பொருளில் விலை இறங்கினால் ஆவது வருத்தம் மட்டும்தான், கடன் வராது.

ஆகவே, ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவோம் என்று நான் சொல்லவில்லை. 18 சவரனையும் மூன்றாகப் பிரிப்போம். முதலில், இந்த மாதமே 9 சவரன்: நான்கு வளையல், இரண்டு சங்கிலி. எடையும் மாதிரியும் மாறப்போவதில்லை, சேதாரமும் குறைவு. ஆடித் தள்ளுபடியில் 5 சவரன், அந்த வேலைப்பாட்டு ஆரம் அப்போதுதான், ஏனென்றால் சேதாரம் அதிகமுள்ள நகைக்குத்தான் சேதாரத் தள்ளுபடி அதிகம் உதவும். மீதி 4 சவரன் ஐப்பசி தொடக்கத்தில், தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால். தேதிகளை இப்போதே குறித்துவிடுவோம். அன்றைக்கு விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் வாங்குவது என்று வைத்துக்கொள்வோம். அம்மா அதற்குள் நல்ல நாள் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனால் பரவாயில்லை. இப்படிச் செய்தால் விலை இறங்கினால் பாதிக்காவது அதன் பயன் கிடைக்கும், ஏறினால் பாதி ஏற்கெனவே கையில் இருக்கும். கடைசி நேரத்தில் ஆர்டர் கொடுத்தால் ஆசாரி வேலைக்கு இருபது நாள் கேட்பார்கள் என்ற தொல்லையும் இல்லை.

அம்மாவின் 7 சவரனைக் கடைசி வரை தொட வேண்டாம். விலை ஏறினால் அதன் மதிப்பும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும், நாம் வாங்கப் போவதும் கூடவே இறங்கும். அந்த எடைக்கு விலை ஏற்றத்தைப் பற்றி நாம் கவலைப்படவே தேவையில்லை. மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து நகைகளில் முத்திரை இருக்காது, உள்ளே அரக்கு இருக்கும், பற்றவைப்பு அதிகம் இருக்கும். கடையில் உருக்கிப் பார்த்தால்தான் உண்மையான எடையும் தூய்மையும் தெரியும். 7 சவரன் என்று நாம் நினைத்திருப்பது 6-ஆகக்கூட நிற்கலாம். அது முன்கூட்டியே தெரிந்தால் வாங்கவேண்டியது 18-ஆ 19-ஆ என்று கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். இந்த வாரமே ஹால்மார்க் பரிசோதனை மையம் ஒன்றில் காட்டி எடையையும் காரட்டையும் எழுதி வாங்கிவிடுங்கள், சிறு கட்டணம்தான்.

பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே ரசீதில் இரண்டு லட்சத்துக்கும் அதற்கு மேலும் கடைக்காரர் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், அபராதம் அவருக்கு. இரண்டு லட்சத்தைத் தாண்டிய ரசீதுக்கு பான் எண்ணும் வேண்டும். வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்தால் ரசீதும் ஒழுங்காக வரும். 'ரசீது வேண்டாம், ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்கிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூன்று சதவீதம் மிச்சம் பார்த்து, முத்திரை, எடை எதற்கும் ஆதாரமில்லாத நகையை வாங்கியதாகிவிடும்.

வருகிற சனிக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன். வைப்பு ரசீதுகளில் எது முதலில் முதிர்கிறது என்று பார்த்து வையுங்கள், முதல் ஒன்பது சவரனுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். நகைச் சீட்டு அட்டையையும் எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்